ஒரு வினா, இரண்டு சரியான விடைகள்

மேல்நிலை வகுப்பு அரசியல் அறிவியல் பாடத்துக்கு வினாத்தாள் தயாரிக்கும் பணியில் நான் முதலில் செய்த பிழை இது. ஒரு கட்சி 42 சதவீத வாக்குகளைப் பெற்றால், அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறையில் அதற்கு எத்தனை இடங்கள் கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். அந்த வினாவுக்கு விடையே கிடையாது. வாக்குகள் எந்தத் தொகுதிகளில் எவ்வளவு குவிந்தன என்பது தெரியாமல் இடங்களைக் கணக்கிட முடியாது.

2014 மக்களவைத் தேர்தலே இதற்குச் சான்று. நாடு முழுவதும் சுமார் 4.2 சதவீத வாக்குகளைப் பெற்ற பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. சுமார் 3.3 சதவீதம் பெற்ற அதிமுக 37 இடங்களை வென்றது. முன்னதன் வாக்குகள் பல மாநிலங்களில் சிதறின. பின்னதன் வாக்குகள் தமிழ்நாட்டில் குவிந்தன. ஆகவே இம்முறை பற்றிய வினாவில் தொகுதிவாரி அட்டவணை இருந்தாக வேண்டும்.

விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் பற்றிய வினாவில் வேறொரு பொறி காத்திருக்கிறது. மொத்தம் 10 இடங்கள். அ, ஆ, இ, ஈ ஆகிய கட்சிகள் முறையே 42, 33, 15, 10 சதவீத வாக்குகள் பெற்றன எனக் கொள்வோம். ஓர் இடத்துக்கு 10 சதவீதம் என வகுத்தால் 4, 3, 1, 1 இடங்கள் கிடைத்து, ஓர் இடம் எஞ்சும். மீதி வாக்கு அதிகமுள்ள 'இ' கட்சிக்கு அது செல்லும். முடிவு 4, 3, 2, 1.

பல நாடுகள் பின்பற்றும் டி ஹோன்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3 என வரிசையாக வகுத்து, கிடைக்கும் ஈவுகளில் மிகப் பெரிய பத்துக்கு இடங்கள் தரப்படும். இங்கே பத்தாவது இடம் 'அ' கட்சியின் ஐந்தாவது ஈவான 8.4-க்குச் செல்கிறது. 'இ' கட்சியின் இரண்டாவது ஈவு 7.5 மட்டுமே. முடிவு 5, 3, 1, 1. முறையின் பெயரைக் குறிப்பிடாத வினாவுக்கு இரண்டும் சரியே. விடைக்குறிப்பில் ஒன்று மட்டும் இருந்தால், மற்றதை எழுதிய மாணவர் குற்றமின்றி மதிப்பெண் இழப்பார்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு முறையில் பதிவான வாக்குகளை அப்படியே மற்றொரு முறைக்கு மாற்றிக் கணக்கிடுவது பயிற்சிக்கு உதவும். ஆனால் அது தேர்தல் கணிப்பாகாது. தோற்கும் எனக் கருதிச் சிறு கட்சியைத் தவிர்த்த வாக்காளர், முறை மாறினால் வேறு விதமாக வாக்களிக்கக்கூடும். கூட்டணிகளும் மாறும். எனவே இப்போது நான் வினாவின் இறுதிப் பகுதியில், இக்கணக்கு எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது என்று கேட்கிறேன். வேறுபாடுகளை நான்கு வரிகளில் மனப்பாடம் செய்தவர் அங்கே தடுமாறுவார். இரு முறைகளையும் புரிந்துகொண்டவர் விடை எழுதுவார்.