விக்சனரிப் பதிவின் நம்பகத்தன்மை: ‘கசுமாலம்’ என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

தமிழ் விக்சனரி 2004ஆம் ஆண்டு முதல் இணையத்தில் இயங்கிவரும் கூட்டுமுயற்சி அகராதியாகும். இதில் எவரும் புதிய சொல்லைச் சேர்க்கலாம். முன்பே உள்ள பதிவைத் திருத்தலாம். நிருவாகிகள் இருப்பினும், ஒவ்வொரு வரியையும் வெளியீட்டிற்கு முன் சரிபார்க்கும் பதிப்பாசிரியர் இல்லை. இத்தகைய பதிவொன்றை ஆய்வேட்டில் சான்றாகக் காட்ட முனைவோர், ‘விக்சனரி நம்பத்தக்கதா?’ என வினவுவது வழக்கம். அவ்வினா விடை தராது. ஒரு பதிவு தனியொரு கூற்றன்று. சொல்வடிவம், பொருள், வழங்கும் இடமும் காலமும், சொற்பிறப்பு எனப் பல கூற்றுகளின் தொகுப்பு. அவற்றுள் ஒன்று மெய்யாகவும் மற்றொன்று பிழையாகவும் இருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே மதிப்பிடும் முறையைச் சென்னைப் பேச்சில் வழங்கும் ‘கசுமாலம்’ என்னும் வசைச்சொல்லைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பதிவின் வரலாறு

ஒவ்வொரு பக்கத்திற்கும் ‘வரலாறு’ என்னும் துணைப்பக்கம் உண்டு. எந்த நாளில், எந்தப் பயனர், எவ்வளவு சேர்த்தார் அல்லது நீக்கினார் என்பது அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கும். இரு நிலைகளை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காணவும் இயலும். மதிப்பீடு இங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

முதற்கண் அறியவேண்டுவது, பக்கத்தை உருவாக்கியவர் மனிதரா தானியங்கியா என்பதாகும். விக்சனரியின் கலைச்சொற் பதிவுகளுள் பெரும்பகுதி, தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொகுத்தளித்த சொற்பட்டியல்களிலிருந்து தானியங்கி வழியாக ஏற்றப்பட்டதாகும். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அந்நிறுவனம் அடையாற்றை அடுத்த கோட்டூர்புரத்தில் உள்ளது. இவ்வாறு ஏறிய பதிவு மனிதர் கைபடாமல் இருப்பின், அதன் நம்பகத்தன்மை மூலப்பட்டியலின் நம்பகத்தன்மையே. மேலும், அப்பட்டியல்கள் தருபவை பரிந்துரைச் சொற்கள்; அவை மக்கள் வழக்கில் உள்ளன என்பதற்கு அப்பதிவு சான்றாகாது.

மனிதர் திருத்திய பதிவில் நேரும் இடர் வேறு. பக்கத்தின் அடியில் ‘ஆதாரங்கள்’ என்னும் தலைப்பின்கீழ் ஓர் அகராதியின் பெயர் முன்பே இருக்கும். பின்வந்த பயனர் ஒருவர் தாம் அறிந்த பொருளொன்றை மேலே சேர்ப்பார். அடியில் உள்ள பெயரோ மாறாது. படிப்போர்க்குப் புதிய வரியும் அவ்வகராதியிலிருந்து வந்ததாகவே தோன்றும். எந்த வரிக்கு எது ஆதாரம் என்பதைப் பக்கம் காட்டாதபோது, வரலாற்றுப் பக்கத்தில் அவ்வரி சேர்ந்த நாளையும் ஆதாரம் சேர்ந்த நாளையும் ஒப்பிடுவதே இதனைக் கண்டறியும் வழியாகும். ஆதாரம் முந்தியும் வரி பிந்தியும் இருப்பின், அவ்வரியை மூலநூலில் நேரே பார்க்கும்வரை ஆதாரமற்றதாகவே கொள்ளுதல் வேண்டும்.

ஒப்புமை சான்றாகாமை

ஒரு பொருளை ஐந்து இணையதளங்கள் ஒரே வகையாகத் தருவது ஐந்து சான்றுகள் எனக் கருதப்படுவதுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பிற்கால அகராதிகள் பலவும் இணைய அகராதிகளும் அதிலிருந்தே எடுத்தாள்கின்றன. சொற்றொடர் அமைப்பும், பொருள்களின் வரிசையும், அச்சுப்பிழைகளுங்கூட ஒத்திருப்பின் அவை யாவும் ஒரே சான்றின் படிகள் என அறியலாம். தனித்தனியே திரட்டிய இருவர் ஒரே முடிவுக்கு வருவதே வலுவுடைய ஒப்புமையாகும்.

‘கசுமாலம்’: ஒரு மதிப்பீடு

இச்சொல்லுக்கான பதிவொன்றில் நான்கு கூற்றுகள் உள்ளதாகக் கொள்ளலாம்: சொல்வடிவம் ‘கஸ்மாலம்’, பொருள் அழுக்கானவர், இழிந்தவர், வழக்கு சென்னை, மூலம் வடமொழி.

வடிவத்தைப் பொறுத்தவரை, கிரந்த எழுத்தோடு ‘கஸ்மாலம்’ எனத் தேடுவோர் அச்சு அகராதியில் இச்சொல்லைக் காணாமல், ‘அகராதியில் இல்லை’ என முடிவுகட்டக்கூடும். லெக்சிகன் இதனைக் ‘கசுமாலம்’ என்னும் தலைச்சொல்லின்கீழ் தருகிறது. விக்சனரியில் ஒவ்வோர் எழுத்து வடிவத்திற்கும் தனிப்பக்கம் அமையக்கூடும் என்பதால், இரு வடிவங்களையும் தேடி ஒப்பிடுதல் இன்றியமையாதது.

பொருளைப் பொறுத்தவரை ஐயம் குறைவு. அழுக்கு என்னும் அகராதிப் பொருளும், ஒருவரை இழித்துரைக்கும் இன்றைய பேச்சுப்பொருளும் இயல்பாகத் தொடர்புடையன.

‘சென்னை வழக்கு’ என்னும் குறிப்பே ஆழ்ந்து நோக்கத்தக்கது. இன்று கேட்போர் இதனைச் சென்னைப் பேச்சாக உணர்வது உண்மை. ஆயினும், பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழில் ‘கசுமாலர்’ என்னும் வடிவம் இழித்துரையாகவே பயில்கிறது. எனவே இச்சொல் சென்னையில் பிறந்தது என்னும் கருத்துத் தவறு. சென்னைப் பேச்சில் எஞ்சி நிற்பது என்பதே பொருத்தம். ‘சென்னை’ என்னும் குறியீடும் மிகப் பரந்தது. மயிலாப்பூர் மாடவீதிகளின் பேச்சும் அதே மயிலாப்பூரின் கடலோரமாகிய நொச்சிக்குப்பத்தின் பேச்சும் ஒன்றல்ல. 1920களில் குடியேற்றப் பகுதியாக உருவான தியாகராய நகரிலோ பல மாவட்டத்தாரின் பேச்சுகள் கலந்துள்ளன. யார், எவரிடம், எந்தச் சூழலில் இச்சொல்லைக் கூறுகின்றனர் என்பதைச் சொல்லாத வழக்குக் குறிப்பு அரைச்சான்றே.

சொற்பிறப்பில் வடமொழிக் ‘கச்மல’ என்பதை மூலமாகக் காட்டுவது லெக்சிகனின் நிலைப்பாடு. அச்சொல்லுக்கு அழுக்கு என்னும் பொருளோடு மனக்கலக்கம் என்னும் பொருளும் உண்டு. பகவத்கீதையின் இரண்டாம் இயலில் வருவது பின்னையது. தமிழ் ஏற்றது முன்னைய பொருளை. மெய்ம்மயக்கத்தைத் தவிர்க்க இடையே உகரம் தோன்றியமை தமிழின் ஒலியியல்புக்கு ஏற்றதே. ஆனால் ‘மல’ என்பது ‘மால’ என நீண்டமைக்கு இவ்விதி விளக்கம் தராது. திருப்புகழிலேயே நெடில் வடிவம் காணப்படுவதால், அம்மாற்றம் அண்மைக்காலச் சென்னைத் திரிபன்று என்ற அளவில் மட்டும் உறுதி கூறலாம். லெக்சிகன் வடமொழி மூலங்களை அளவிறந்து காட்டுகிறது எனத் தேவநேயப் பாவாணர் கடிந்துரைத்தமையும் நினைக்கத்தக்கது. இத்தகைய கருத்துவேறுபாடு உள்ள பதிவுகளில் மூலக்குறிப்பை ஒருவர் எழுத, மற்றவர் நீக்க, முன்னவர் மீட்பது வரலாற்றுப் பக்கத்தில் தெரியவரும். அவ்வாறு மாறிமாறி நிற்கும் வரியை, அன்று திரையில் தெரிந்த வடிவிலேயே முடிந்த முடிபாக எடுத்தாளுதல் கூடாது.

மதிப்பீட்டின் எல்லை

அச்சு அகராதிகளில் ஒரு சொல் இல்லாமை, அச்சொல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எழுத்துவழக்குச் சான்றுகளைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டது. பேச்சில் மட்டும் வழங்கும் வசைச்சொற்கள் அத்தகைய தொகுப்பில் விடுபட வாய்ப்புண்டு. அவ்விடத்தில் ஆதாரமற்ற விக்சனரி வரியே முதற்பதிவாக இருக்கக்கூடும். அதனைத் தள்ளாமல், கள ஆய்வுக்குரிய கருதுகோளாகக் கொள்ளலாம். சான்றாக மட்டும் கொள்ளலாகாது.

முடிவுரை

‘கசுமாலம்’ பற்றிய நான்கு கூற்றுகளுள் பொருள் ஏற்கத்தக்கது. வடிவம் மாற்றுவடிவத்தோடு இணைத்து ஏற்கத்தக்கது. வழக்குக் குறிப்பு இக்காலத்திற்கு மட்டும், அதுவும் வரையறையோடு பொருந்துவது. சொற்பிறப்பு ஏற்புடையதாயினும் ஒலிமாற்றம் ஒன்று விளக்கப்படாமல் நிற்பது. முழுப்பதிவையும் ஏற்பதோ தள்ளுவதோ இம்முடிவைத் தந்திராது. விக்சனரியை எடுத்தாள்வோர் பக்கத்தின் பெயரோடு, தாம் கண்ட திருத்த நிலையின் நாளையும் குறிப்பின், பின்வரும் ஆய்வாளர் அதே வரியைக் கண்டு சரிபார்க்க இயலும்.