நாற்காலியில் ஒரு மணி நேரம் என்ன விலை?

நெயில் ஸ்டுடியோ தொடங்குகிறவர்கள் பலரும் விலைப்பட்டியலை ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். பக்கத்துத் தெரு பார்லரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்க்கிறார்கள். அங்கிருக்கும் விலையில் ஐம்பதோ நூறோ குறைத்துப் போடுகிறார்கள். அந்த பார்லருக்குச் சொந்தக் கட்டடமாக இருக்கலாம், அல்லது முடிவெட்டும் வருமானம் நகத்துக்கான செலவைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். புதிதாக வருகிறவர் தன் கணக்கைத் தானே போட்டாக வேண்டும். நெயில் ஸ்டுடியோவில் உண்மையில் விற்பது ஜெல்லும் பாலிஷும் அல்ல, நாற்காலியின் நேரம். ஆகவே ஒரு மணி நேரத்தின் விலையை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

மதுரையில் ஒரு பெண், உதவியாளர் இல்லாமல், சின்ன வாடகைக் கடையில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இங்கே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். மேசை, நாற்காலிகள், ஏ.சி., உள் அலங்காரம், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எல்லாம் சேர்த்து ரூ.1,20,000. இவை 5 ஆண்டு உழைக்கும் என்றால் மாதத்துக்கு ரூ.2,000. நகத்தைத் தேய்க்கும் டிரில், ஜெல்லை இறுக வைக்கும் எல்.இ.டி. விளக்கு, தூசி உறிஞ்சி ஆகியவை ரூ.36,000. தினமும் ஓடுவதால் இவற்றுக்கு 2 ஆண்டு ஆயுள்தான் வைக்க வேண்டும்; மாதம் ரூ.1,500. ஆக, கருவிகளின் தேய்மானம் மட்டும் மாதம் ரூ.3,500. இதைத் தனியாக எடுத்துவைக்காதவர், விளக்கு பழுதாகும் நாளில் கடன் வாங்க ஓடுவார். கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வரும் பணம் என்பதால் அதை இதில் சேர்க்க வேண்டாம். கடன் வாங்கிக் கருவி வாங்கியிருந்தால் வட்டியை மட்டும் மாதச் செலவில் சேர்க்க வேண்டும். அசல்தான் தேய்மானமாக ஏற்கெனவே கணக்கில் இருக்கிறதே.

வாடகை ரூ.12,000, கரண்ட் பில் ரூ.3,000, போன், விளம்பரம், பழுது, சில்லறைச் செலவுகள் ரூ.4,500 என்று வைத்தால், தேய்மானத்தோடு ரூ.23,000 ஆகிறது. உரிமையாளரின் சம்பளம் ரூ.25,000. மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று தன் சம்பளத்தை விட்டுவிடுவது பலருக்கும் வழக்கம். ஆனால் வேலை செய்பவருக்குக் கூலி இல்லாத விலை நீடிக்காது. மொத்தம் மாதம் ரூ.48,000.

இந்தத் தொகையை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் கடை திறந்திருந்தால் 208 மணி நேரம். வகுத்தால் மணிக்கு ரூ.231தான் வருகிறது; மலிவாக விற்கலாம் என்று தோன்றும். ஆனால் கடை திறந்து பெருக்கி எடுத்துவைக்க, சாப்பிட, போன் பேச, பொருள் வாங்க நேரம் போகும். விற்கக்கூடியது நாளுக்கு 6 மணி நேரம், அதாவது மாதம் 156 மணி நேரம். புதுக் கடையில் அதிலும் பாதிதான் நிரம்பும் என்று வைப்பதே பத்திரம். 80 மணி நேரம் என்று எடுத்தால், ஒரு மணி நேரத்துக்கு ரூ.600.

இனி ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததிலிருந்து அடுத்தவர் உட்காரும்வரை கடிகாரம் ஓட வேண்டும். நிறம் தேர்ந்தெடுப்பது, போட்டோ எடுப்பது, ஜிபே செய்வது, மேசையைத் துடைப்பது எல்லாமே அதில் அடங்கும். கை வேலை 45 நிமிடமாகும் ஜெல் பாலிஷுக்கு இப்படி 60 நிமிடம் பிடிக்கும். நகத்தை நீட்டும் ஜெல் எக்ஸ்டென்ஷனுக்குப் புதியவருக்கு 2 மணி நேர வேலை என்றால், ஒதுக்க வேண்டியது இரண்டரை மணி நேரம். பத்துப் பேருக்குச் செய்து நேரத்தைக் குறித்துவைத்தால் சொந்தக் கணக்கு கிடைத்துவிடும்.

பட்டியல் இப்போது தானாகவே உருவாகிறது. ஜெல் பாலிஷுக்கு நேரம் ரூ.600, பொருள் ரூ.80, விலை ரூ.700. எக்ஸ்டென்ஷனுக்கு நேரம் ரூ.1,500, பொருள் ரூ.250, விலை ரூ.1,800. ஒன்றரை மணி நேர ரீஃபில்லுக்கு நேரம் ரூ.900, பொருள் ரூ.150, விலை ரூ.1,100. நெயில் ஆர்ட்டை ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ரூ.150 என்று வைத்தால் விவாதமே எழாது.

தொடக்கச் சலுகையாக எக்ஸ்டென்ஷனை ரூ.999க்குப் போட்டிருந்தால் என்ன ஆகும்? பொருள் செலவு போக ரூ.749. இரண்டரை மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ரூ.300 கூட இல்லை. 80 மணி நேரமும் அந்த வேலையே நிரம்பினாலும் மாதம் ரூ.24,000க்குக் கொஞ்சம் கீழேதான் வரும். அதில் ரூ.23,000 செலவுக்குப் போக, கையில் ஆயிரம் ரூபாய்கூட மிஞ்சாது. கூட்டம் இருக்கிறது, பணம் இல்லை என்று புதிய கடைக்காரர்கள் புலம்புவதற்கு இதுவே காரணம்.

பட்டியலில் அடிக்கடி விடுபடுவது, பழைய ஜெல்லை எடுக்கும் வேலை. மேல்பூச்சைத் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றி, ஊறவிட்டு, மெதுவாகத் தள்ளி எடுக்க அரை மணி நேரம் ஆகும். அதற்கு ரூ.350 தனி விலை வேண்டும்; அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே "இப்போ நகத்துல ஏதாவது போட்டிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் அன்றைய அட்டவணை முழுவதும் அரை மணி நேரம் தள்ளிப்போகும். அதேபோல ரீஃபில் விலை மூன்று வாரத்துக்குள் வருபவருக்கு மட்டும் என்று எழுதிவைக்க வேண்டும். அதற்குப் பிறகு வளர்ச்சி அதிகமாகி, வேலை கிட்டத்தட்ட புதிதாகச் செய்வதற்குச் சமமாகிவிடும்.

நேரத்தை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நகத்தின் எண்ணெய்ப் பசையை நீக்கும் முன்தயாரிப்பை அவசரமாகச் செய்தால், சில நாளிலேயே ஜெல் ஓரத்தில் எழும்பும். இலவசமாகத் திருத்தித் தர வேண்டிவரும். கனமாகப் பூசி விளக்கில் குறைந்த நேரம் வைத்தால் ஜெல் உள்ளே இறுகாது. இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அக்ரிலேட் ஒவ்வாமை வரக்கூடும். வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, தினமும் அதைக் கையாளும் தொழிலாளிக்கும்தான். குறைக்கக்கூடியது கருவிகளுக்காகக் காத்திருக்கும் நேரம். கருவி ஒரே செட் என்றால், கிருமி நீக்கம் முடியும்வரை நாற்காலி காலியாகக் கிடக்கும். கூடுதலாக இரண்டு செட் வாங்கிவிட்டால் அந்த நேரம் மிஞ்சும். அழகான இரண்டாவது விளக்கைவிட இது நல்ல முதலீடு.

அட்டவணையில் நீண்ட வேலைகளுக்குத் தொடக்க நேரத்தை நிலையாக வைப்பது நல்லது. காலை 10 மணிக்கும் மதியம் 1.30க்கும் மட்டும் எக்ஸ்டென்ஷன் என்றால், இடையில் யாருக்கும் பயன்படாத முக்கால் மணி நேரங்கள் தங்காது. வராமல் போகிறவரால் இந்தக் கடைக்கு எக்ஸ்டென்ஷன் ஒன்றுக்கு ரூ.1,500 மதிப்புள்ள நேரம் போகிறது. எனவே நீண்ட வேலைகளுக்கு முன்பணம் வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

ஊரில் யாரும் ரூ.1,800 தரமாட்டார்கள் என்றால்? கை வேகம் கூடி மொத்த நேரம் 2 மணியானால், பொருளோடு சேர்த்து ரூ.1,450க்கே கட்டுப்படியாகும். அந்த வேகம் வரும்வரை தெரிந்தவர்களுக்குச் செய்து பழகலாம்; ஜெல் பாலிஷ், ரீஃபில் வேலைகளை முன்னிறுத்தலாம்; வாடகை குறைந்த மாடி அறையைத் தேடலாம். எதுவும் பொருந்தவில்லை என்றால், கருவி வாங்கும் முன்பே அது தெரிந்துவிடுவது லாபம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரம்பிய மணி நேரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 80 என்பது 110 ஆகிவிட்டால் மணிச் செலவு ரூ.436 ஆக இறங்கும். அப்போதும் விலையைக் குறைக்க வேண்டாம். கூட்டம் குறைந்த மாதங்களில் கடையை நடத்தப்போவது அந்த மிச்சம்தான்.