பழைய கணக்கை மூடுவதற்கு முன்

2014 மே மாதம். மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்துவிட்டன. மன்மோகன் சிங் அரசு விடைபெறுகிறது, நரேந்திர மோடி இன்னும் பதவியேற்கவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில், பிரதமர் அலுவலகத்தின் ட்விட்டர் கணக்கான @PMOIndia திடீரென்று @PMOIndiaArchive என்று பெயர் மாறியது. பழைய பதிவுகளை ஆவணமாகப் பாதுகாக்க இந்த ஏற்பாடு என்றது அலுவலகத் தரப்பு. ஆனால் அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர், தாங்கள் எந்தப் பொத்தானையும் தொடாமலேயே ஆவணக் கணக்கின் வாசகர்களாகிவிட்டார்கள். அரசு அலுவலகத்தின் கணக்கு அடுத்து வருபவருக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்று பாஜக கடுமையாக எதிர்த்தது. கடைசியில் @PMOIndia என்ற பெயர் புதிய பிரதமர் அலுவலகத்தின் கைக்கு வந்தது. இன்றும் அந்தப் பெயரில்தான் அது இயங்குகிறது.

“நான் புதிய கணக்குக்கு மாறுகிறேன், பழையதை மூடப் போகிறேன்” என்று பதிவு போட நினைக்கும் ஒவ்வொருவரும் இந்தச் சம்பவத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கணக்கு வேறு, அதன் பயனர் பெயர் வேறு. @ குறியுடன் வரும் பெயர், வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை போன்றது. பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்டினாலும் உள்ளே இருப்பவர்கள் அப்படியேதான் இருப்பார்கள். பின்தொடர்பவர்கள், பழைய பதிவுகள், தனிச்செய்திகள் எல்லாம் கணக்கோடு இருப்பவை. பெயரோடு போகிறவை அல்ல.

அதனால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, புதிய கணக்கு உண்மையிலேயே தேவையா என்பதுதான். கடையின் பெயர் மாறிவிட்டது, கல்லூரிக் காலத்தில் விளையாட்டாக வைத்த பெயர் இப்போது உறுத்துகிறது என்பது போன்ற காரணங்களுக்குப் புதிய கணக்கே வேண்டாம். எக்ஸ் தளத்திலும் இன்ஸ்டாகிராமிலும் அமைப்புகளுக்குள் போய்ப் பயனர் பெயரை மட்டும் மாற்றினால் போதும், ஆட்கள் கூடவே வருவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் விட்டுவந்த பெயர் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும்படி வெளியே போய்விடும். இன்ஸ்டாகிராமில் பெரும்பாலான நேரங்களில் 14 நாட்களுக்குள் பழைய பெயருக்குத் திரும்ப முடியும். யூடியூபும் விட்ட பெயரை 14 நாட்கள் உங்களுக்காகவே வைத்திருக்கும். அதன் பிறகு அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெயர் மாற்றம் போதாத சூழல்களும் இருக்கின்றன. கணக்கோடு இணைத்த மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் இழந்தவர்களுக்கு, என்றைக்காவது கடவுச்சொல் மறந்தால் உள்ளே போவது மிகவும் கடினம். தனிமனிதரின் கணக்காகத் தொடங்கியது வியாபாரக் கணக்காக வளர்ந்து, குடும்பப் படங்களும் விலைப்பட்டியலும் கலந்து கிடக்கலாம். கூட்டாகத் தொடங்கியவர்கள் பிரிந்து போயிருக்கலாம். இவர்களுக்குப் புதிய கணக்குதான் வழி, ஆகவே அறிவிப்புப் பதிவும் தேவை.

அந்தப் பதிவு தகவல் சொல்வதோடு ஒரு சாட்சியாகவும் நிற்க வேண்டும். புதிய கணக்கு உங்களுடையதுதான் என்று சொல்லும் தகுதி, மக்கள் ஏற்கெனவே நம்பும் பழைய கணக்குக்கு மட்டுமே உண்டு. புதிய கணக்கிலிருந்து “நான்தான் அவர்” என்று எத்தனை முறை எழுதினாலும் அதற்கு மதிப்பில்லை. அதே சொற்களை, அதே முகப்புப் படத்தோடு எவர் வேண்டுமானாலும் எழுதலாம்.

எடுத்துக்காட்டாக, வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்பவர் ஒருவர் @pazhaya_peyar என்ற இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து @puthiya_peyar என்பதற்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பழைய கணக்கில் இப்படி எழுதலாம்:

“வணக்கம். இனி என் பதிவுகளும் ஆர்டர்களும் @puthiya_peyar கணக்கில் மட்டும். எனக்கு இன்ஸ்டாகிராமில் வேறு கணக்கு எதுவும் இல்லை. ஜூன் 1 முதல் இந்தக் கணக்கில் ஆர்டர் எடுக்க மாட்டேன். ஆகஸ்ட் 31 வரை கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்வேன். ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களின் ஆர்டர்கள் அப்படியே நடக்கும். பணம் அனுப்பும் எண்ணில் மாற்றம் இல்லை. எண் மாறிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. புதிய பெயரை @ குறியுடன் எழுதினால் அது தொட்டவுடன் திறக்கும் இணைப்பாகிவிடும். வாசகர் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து, ஓர் எழுத்து தப்பி, போலிக் கணக்கில் போய் நிற்கும் ஆபத்து குறையும். சின்ன l எழுத்துக்குப் பதிலாக 1 என்ற எண், ஒரு அடிக்கோட்டுக்குப் பதிலாக இரண்டு என்று வைத்துப் போலிகள் உருவாகின்றன. படத்துக்குள் பெயரை எழுதிப் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. “வேறு கணக்கு இல்லை” என்ற வரி, நாளை யாராவது மூன்றாவது கணக்கு தொடங்கினால் அதை மறுத்து நிற்கும். “விரைவில்” என்று எழுதாமல் தேதி போட்டால், அதுவரை பழைய இடத்தில் கேட்கலாம் என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். கடைசி வரிதான் மிக முக்கியமானது. கணக்கு மாறும் நேரத்தில் பணம் அனுப்பும் விவரமும் மாறுவதாகச் சொல்வது மோசடிக்காரர்களுக்கு வசதியான வழி.

ஒரு பதிவு எல்லோரையும் எட்டாது. பின்தொடர்பவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் அது முகப்பில் வரும்; ஸ்டோரியாகப் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே பதிவைக் கணக்கின் மேலே பின் செய்து வைக்க வேண்டும், பயோவிலும் புதிய பெயரை எழுத வேண்டும். சில வாரங்கள் இடைவெளி விட்டு அதே அறிவிப்பை மீண்டும் போட வேண்டும். மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத வாடிக்கையாளர் தீபாவளிக்கு முன்னால்தான் வருவார்; அவர் கண்ணில் படப்போவது அந்தப் பயோ வரிதான்.

பழைய கணக்கு புதியதைச் சுட்டினால் பாதி வேலை முடிந்தது. புதிய கணக்கும் பழையதைச் சுட்ட வேண்டும்: “முன்பு @pazhaya_peyar.” காரணம் எளிது. பழைய கணக்கையே ஒருவர் ஊடுருவிக் கைப்பற்றியிருந்தால், “இனி இந்தப் புதிய கணக்குக்கு வாருங்கள்” என்று அவராலும் பதிவு போட முடியும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சுட்டுவதும், அதோடு உங்கள் இணையதளமோ வாட்ஸ்அப் நிலைத்தகவலோ அதையே சொல்வதும் சேர்ந்தால்தான் நம்பிக்கை முழுமையாகும்.

இந்த இருவழிச் சாட்சியைத் தன் அமைப்புக்குள்ளேயே வைத்திருக்கும் தளம் ஒன்று உண்டு, மாஸ்டடான். அங்கே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர், முதலில் புதிய கணக்குக்குள் போய், “இதுவே என் பழைய கணக்கு” என்று பதிந்துவைக்க வேண்டும். அதன் பிறகு பழைய கணக்குக்குள் போய், புதிய முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்து மாற்றத்தை உறுதிசெய்ய வேண்டும். இரண்டும் பொருந்தினால் பின்தொடர்பவர்களைத் தளமே புதிய கணக்குக்கு நகர்த்துகிறது. பழைய பக்கத்தில் “இவர் இங்கே மாறிவிட்டார்” என்ற அறிவிப்பு நிற்கும். பதிவுகள் மட்டும் கூட வராது. அவை பழைய இடத்திலேயே இருக்கும். ஒருமுறை மாறினால் 30 நாட்களுக்கு மறுபடி மாற முடியாது. எக்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் இந்த வசதி இல்லாததால், அங்கே இதே வேலையை நம் கையால் செய்யவேண்டியிருக்கிறது.

இனி, மூடுவது. எக்ஸில் கணக்கை முடக்கினால் 30 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் உள்ளே நுழைந்தால் மீட்கலாம், பிறகு முடியாது. இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் நீக்கக் கோரியபின் மனம் மாற 30 நாட்கள்தான். கணக்கு போய்விட்டால் அறிவிப்புப் பதிவும் அதோடு போய்விடும். புதிய கணக்கு உங்களுடையது என்பதற்கிருந்த வலுவான சாட்சியை நீங்களே அழித்ததாக ஆகும். பழைய பெயர் எப்போதாவது இன்னொருவர் கைக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். பலகார டப்பாவில் ஒட்டிய லேபிள், விசிட்டிங் கார்டு, பழைய பதிவுகளில் நண்பர்கள் போட்ட இணைப்பு எல்லாம் அந்தப் புதிய ஆளிடம் கொண்டுபோய் விடும்.

ஃபேஸ்புக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைக் கொண்டு வேறு செயலிகளில் நுழைந்திருந்தால், அங்கே முதலில் வேறு நுழைவுவழி ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தை நிர்வகிக்கும் ஒரே ஆள் அந்தக் கணக்குதான் என்றால், நீக்குவதற்கு முன்பே வேறொருவருக்கு முழுப் பொறுப்பைத் தந்துவிட வேண்டும். எந்தத் தளமானாலும் பதிவுகள், படங்களின் நகலைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது; மூன்று தளங்களும் அதற்கு வழி வைத்திருக்கின்றன.

ஆகவே பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை, பழைய கணக்கை நீக்காமல் அமைதியாக்கி வைத்திருப்பது. பயோவில் ஒரே வரி, மேலே பின் செய்த ஒரே பதிவு, வலுவான கடவுச்சொல், இரண்டடுக்குப் பாதுகாப்பு. அவ்வப்போது ஒருமுறை உள்ளே போய் வந்தால், செயல்படாத கணக்கு என்று தளமே அதை எடுத்துவிடும் ஆபத்தும் குறையும். தொந்தரவு செய்யும் ஒருவரிடமிருந்து விலகுவது போன்ற காரணங்களுக்காக அடையாளமே தெரியாமல் மறைய விரும்புபவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் பொது அறிவிப்பு போடாமல், நம்பிக்கையான சிலருக்கு மட்டும் நேரில் சொல்லிவிட்டு நீக்குவதே சரி.

அறிவிப்பைப் படிக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கின் பெயரைத் தொட்டால், பல கணக்குகளுக்கு அது தொடங்கிய மாதமும் எத்தனை முறை பெயர் மாறியது என்பதும் தெரியும். நேற்றுத் தொடங்கிய கணக்கு, பழையதிலிருந்து எந்தச் சுட்டும் இல்லை, வந்த கையோடு பணம் கேட்கிறது என்றால், தெரிந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். உண்மையிலேயே கணக்கை மாற்றியவர் அந்தப் போனுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.