நிலைப்பொறி (திசையன் அசைவூட்டம்)

திசையன் அசைவூட்டத்தில் நிலைப்பொறி என்பது, ஒரு படம் எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், எந்த நிபந்தனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம் என்பதை வரையறுக்கும் அமைப்பு ஆகும். ரைவ் என்னும் மென்பொருளில் இது பரவலாகப் பயன்படுகிறது. சாதாரண அசைவூட்டம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே ஓடும். நிலைப்பொறியோ உள்ளீட்டின் மதிப்பு மாறும்வரை இருக்கும் நிலையிலேயே காத்திருக்கும்.

உள்ளீடுகள் மூன்று வகைப்படும். பூலியன் உள்ளீடு உண்மை, பொய் என்னும் இரண்டில் ஒன்றை நினைவில் வைத்திருக்கும். எண் உள்ளீடு ஒரு எண்ணை வைத்திருக்கும். மூன்றாவதான தூண்டல் ஒருமுறை செயல்பட்டு உடனே மறைந்துவிடும். மின்விளக்கின் ஆளி போன்ற பொத்தானுக்குத் தூண்டலைவிடப் பூலியனே ஏற்றது. பொத்தான் இப்போது எந்த நிலையில் உள்ளது என்று வலைப்பக்கம் பின்னர் கேட்டால், பூலியனிடம் விடை இருக்கும்.

சுட்டி மேலே வரும்போது சற்றுப் பெரிதாகி, சொடுக்கினால் குமிழ் வலப்புறம் நகரும் ஆளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதற்கு `isOn`, `isHover` என இரண்டு பூலியன்கள் போதும். சுட்டி உள்ளே வந்தால் `isHover` உண்மையாகவும், வெளியேறினால் பொய்யாகவும் அமைக்கப்படும். சொடுக்கும்போது `isOn` தலைகீழாகும்.

இவ்விரண்டையும் ஒரே அடுக்கில் வைத்தால் நான்கு நிலைகளும் அவற்றிடையே எட்டு மாற்றங்களும் தேவை. மூன்றாவதாக ஒரு பூலியன் சேர்ந்தால் எட்டு நிலைகள், இருபத்து நான்கு மாற்றங்கள் என்றாகிவிடும். எனவே இரண்டு அடுக்குகளாகப் பிரிப்பதே நல்லது. அப்போது ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு நிலைகளும், போக ஒன்று வர ஒன்றாக இரண்டு மாற்றங்களும் மட்டுமே இருக்கும். திரும்பி வரும் மாற்றத்தை வரைய மறந்தால், ஆளி ஒருமுறை மாறியபின் அசையாது நின்றுவிடும்.

அடுக்குகள் ஒரே பண்பைத் தொடக்கூடாது. இரண்டும் குமிழின் அளவை மாற்றினால், ஒன்று மற்றொன்றை மூடிவிடும். சுட்டியைக் கொண்டுசெல்லும்போது குமிழ் சட்டென்று குதிப்பதிலிருந்து இப்பிழையை அறியலாம். குமிழின் இடத்தையும் பின்னணி நிறத்தையும் ஓர் அடுக்குக்கும், முழு ஆளியின் அளவை மற்றோர் அடுக்குக்கும் ஒதுக்கினால் மோதல் வராது.

சுட்டியைக் கவனிக்கும் பகுதியாகக் குமிழையே வைப்பதும் தவறாக முடியும். சொடுக்கியதும் குமிழ் நகர்ந்துவிடுவதால், சுட்டி ஆளியின் மேலேயே இருந்தாலும் வெளியேறியதாகக் கணக்காகிவிடும். ஆளி முழுவதையும் மூடும், அசையாத ஒளிபுகும் செவ்வகமே இதற்குப் பொருத்தம்.

வலைப்பக்கத்திலிருந்து மதிப்பை மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் வரிகள்:

```
const inputs = r.stateMachineInputs("Toggle");
const isOn = inputs.find(i => i.name === "isOn");
isOn.value = true;
```

பெயரில் பெரிய, சிறிய எழுத்து வேறுபட்டாலும் `find` எதையும் கண்டுபிடிக்காது. மூன்றாம் வரியில் பிழை எழும். தொடுதிரையில் சுட்டி மேலே நிற்பது என்பதே இல்லை. ஆகவே ஆளி இயங்குகிறதா இல்லையா என்பதை `isHover` மாற்றத்தால் மட்டும் காட்டக்கூடாது.