52 விரிசல் படங்களோடு ஒரு மாடல்

ஸ்லோவேனியாவின் கோலெக்டர் நிறுவனம் மோட்டார்களுக்கான கம்யூட்டேட்டர் செய்கிறது. அதன் பிளாஸ்டிக் பரப்பில் விழும் முடி போன்ற விரிசல்களைக் கண்டுபிடிக்க KolektorSDD என்ற படத்தொகுப்பு இருக்கிறது. 50 பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய எட்டுப் படங்கள் என்று மொத்தம் 399 படங்கள். விரிசல் உள்ளவை 52 மட்டுமே. எதைக் காட்டினாலும் ‘நல்லது’ என்று சொல்லும் மாடலுக்குக்கூட இங்கே 87 சதவீத மதிப்பெண் கிடைத்துவிடும். அதனால் அந்த எண்ணை விட்டுவிட்டு, எத்தனை விரிசல் பிடிபட்டது, எத்தனை நல்ல பொருள் வீணாக ஒதுக்கப்பட்டது என்ற இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

விரிசல் படங்கள் இவ்வளவு குறைவு என்பதால் அவற்றைப் பெருக்க வேண்டியிருக்கும். பெருக்கும் முன்பே படங்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துவிடுங்கள். அதையும் படம் படமாகப் பிரிக்காமல் பொருள் பொருளாகப் பிரியுங்கள். ஒரே கம்யூட்டேட்டரின் ஒரு பக்கம் பயிற்சியிலும் மறுபக்கம் சோதனையிலும் இருந்தால், மாடல் விரிசலைக் கற்றதா, அந்தப் பொருளின் நிறத்தையும் கீறலையும் மனப்பாடம் செய்ததா என்று சொல்ல முடியாது.

பெருக்குவதில் தொழிற்சாலையில் உண்மையாகவே நடக்கும் மாற்றங்களை மட்டும் சேர்க்கலாம். படத்தை இடவலமாகப் புரட்டுவதும் வெளிச்சத்தைச் சற்றே கூட்டிக் குறைப்பதும் சரி. மங்கலாக்கினால் மெல்லிய விரிசல் அழிந்துபோகும். கண்டபடி வெட்டினால் விரிசல் வெளியே போய்விடும், ‘குறை’ என்ற லேபிள் மட்டும் மிஞ்சும். பெருக்கிய படங்களில் ஒரு பிடியைக் கண்ணால் பார்த்தால் இது உடனே தெரியும்.

விரிசலை வெட்டி நல்ல படங்களின் மேல் ஒட்டுவது இன்னும் பலன் தரும் வழி. ஆனால் ஆபத்தும் அதில்தான். ஒட்டிய ஓரத்தில் நிறம் சட்டென்று மாறினால், மாடல் விரிசலை விட்டுவிட்டு ஓரத்தைக் கற்றுக்கொள்ளும். சோதிக்க எளிய வழி உண்டு: ஒரு நல்ல படத்தின் துண்டை வெட்டி இன்னொரு நல்ல படத்தில் அதே முறையில் ஒட்டிக் காட்டுங்கள். மாடல் ‘குறை’ என்றால் அது ஓரத்தைத்தான் பார்க்கிறது. அப்போது ஓரத்தைக் கலந்து மழுக்குங்கள். இப்படி ஒட்டிய நல்ல படங்களையும் ‘நல்லது’ என்ற லேபிளோடு பயிற்சியில் சேருங்கள்.

எண்ணிக்கை ஏற்றத்தாழ்வுக்கு இரண்டு வழிகள். விரிசல் படம் ஒன்று, நல்ல படம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஊட்டலாம். அல்லது விரிசலைத் தவறவிட்டால் வரும் தண்டனையை ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஏற்றலாம் (347/52). PyTorch-இல் அது `pos_weight`. இரண்டையும் முழு அளவில் ஒருசேரப் போட்டால், மாடல் காண்பதையெல்லாம் குறை என்னும்.

எந்த வழியில் போனாலும் மாடல் தரும் மதிப்பு குறையின் பக்கமே சாய்ந்திருக்கும். 0.5-ஐ எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளாமல், பெருக்காத, இயல்பான விகிதத்தில் உள்ள தனிப் படங்களில் சோதித்து எல்லையைத் தேர்ந்தெடுங்கள். சோதனைக்காகப் பொருட்களை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 17 விரிசல் படங்கள்தான் வரும். அதில் ஒன்று தவறினாலே பிடிபட்ட விகிதம் 6 புள்ளி சரியும். மூன்று பங்குகளையும் மாறி மாறிச் சோதனைக்கு வைத்து, 52-க்கும் கிடைத்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே இரண்டு முறைகளை ஒப்பிடலாம்.