வாய் மூடியிருந்தும் ஓயாத பாட்டு

காலையில் பேருந்தில் கேட்ட பாட்டு, வேலையில் உட்கார்ந்த பிறகும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. முழுப் பாட்டும் வருவதில்லை. பல்லவியில் இரண்டு வரியோ, இடையிசையில் ஒரு துண்டோ மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது. நாம் அதைக் கூப்பிடவும் இல்லை, போகச் சொன்னால் போவதும் இல்லை. ஆங்கிலத்தில் இதை 'இயர்வார்ம்' என்கிறார்கள். உளவியலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர், விருப்பமின்றி எழும் இசைக் கற்பனை. பின்லாந்தில் இணையம் வழியாக 12,000-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டு 2012-ல் வெளியான ஆய்வில், பத்துக்கு ஒன்பது பேர் வாரத்தில் ஒருமுறையாவது தங்களுக்கு இப்படி நேர்வதாகச் சொன்னார்கள்.

இது எப்போது தொடங்குகிறது என்பதை லண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அதே ஆண்டில் தொகுத்தார்கள். பிபிசி வானொலி நேயர்கள் எழுதி அனுப்பிய அனுபவங்கள் அதில் அடக்கம். அண்மையில் கேட்ட பாட்டோ, பலமுறை கேட்ட பாட்டோதான் பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது. அடுத்தபடியாக, ஓர் ஆளோ ஊரோ சொல்லோ பழைய பாட்டை எழுப்பிவிடும். மனம் எதிலும் ஊன்றாமல், நடக்கும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ அலையும் நேரத்திலும் பாட்டு வந்து உட்காரும்.

இதுவரை சொன்னது எல்லாம் மக்கள் தங்கள் வாயால் சொன்ன தகவல். தலைக்குள் கேட்பதாகச் சொல்லும் பாட்டு உண்மையில் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து அளக்க முடியுமா? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அதற்கு எளிய வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மணிக்கட்டில் விழுந்த தாளம்

கெல்லி ஜகுபோவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 17 பேர் கலந்துகொண்டார்கள. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் அசைவைப் பதிவுசெய்யும் ஒரு கருவி. நான்கு நாட்கள் அவரவர் வேலையைப் பார்க்கலாம். உள்ளே பாட்டு ஓடுவது தெரிந்ததும், அந்தப் பாட்டின் வேகத்துக்கே கையால் தாளம் தட்ட வேண்டும். பிறகு அது எந்தப் பாட்டு, எந்தப் பகுதி, அப்போது மனநிலை எப்படி இருந்தது என்று ஒரு சிறு நாட்குறிப்பில் எழுத வேண்டும். கருவியில் பதிந்த தட்டுகளின் இடைவெளியிலிருந்து உள்ளே ஓடிய பாட்டின் காலப்பிரமாணத்தைக் கணக்கிட்டு, அதை அசல் ஒலிப்பதிவின் வேகத்தோடு ஒப்பிட்டார்கள்.

நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட பாட்டு என்று வைத்துக்கொள்வோம். யாரும் கேட்காத இடத்தில், பாட்டு ஒலிக்காதபோது, நினைவை மட்டும் வைத்துத் தட்டும் ஒருவர் 102-க்கும் 138-க்கும் இடையில் தட்டினால், அசலிலிருந்து அவர் விலகியது 15 சதவீதத்துக்குள். பதிவானவற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இந்த எல்லைக்குள் அடங்கின. உற்சாகமாக, விழிப்பாக இருந்த நேரத்தில் பாட்டு சற்று வேகமாக ஓடியது என்பதும் தெரிந்தது.

வேகம் சரி, சுருதி? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வு அதைப் பார்த்தது. 30 பேருக்கு அவ்வப்போது கைபேசியில் செய்தி போகும். அந்த நேரத்தில் உள்ளே பாட்டு ஓடினால், அதை அப்படியே பாடிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். ஒரு ஸ்தாயியில் 12 சுர நிலைகள் இருப்பதால், எந்தச் சுருதியிலாவது குத்துமதிப்பாகப் பாடுபவர் அசல் சுருதியில் சரியாக விழுவதற்கு 12-ல் ஒரு வாய்ப்புதான், ஏறக்குறைய 8 சதவீதம். ஆனால் வந்த பதிவுகளில் 44.7 சதவீதம் அசல் சுருதியிலேயே இருந்தன. ஒரு சுர நிலை முன்பின்னாக இருந்ததையும் சேர்த்தால் 68.9 சதவீதம். நன்றாகப் பாடத் தெரிந்தவர்கள் என்பதால் வந்த துல்லியமும் அல்ல இது; பாடும் திறமைக்கும் இதற்கும் தொடர்பு தென்படவில்லை.

கேட்ட மாத்திரத்தில் சுருதி சொல்லும் திறமை மிகச் சிலருக்கே உண்டு என்று நம்பியிருக்கிறோம். சுருதியின் பெயர் தெரியாதவர்கள்கூட, தங்களை அறியாமலே அதைச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று இந்த ஆய்வு காட்டுகிறது. ஆக, உள்ளே சுழல்வது பாட்டைப் பற்றிய மங்கலான நினைப்பு அல்ல. வேகமும் சுருதியும் கெடாமல் பாட்டையே நினைவு திரும்ப நிகழ்த்துகிறது.

உள்ளே பாடுவது யார்?

நினைவில் இருக்கும் பாட்டை நிகழ்த்த ஏதோ ஒரு பொறி வேண்டுமே. ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக்கொள்ளும்வரை மறக்காமல் இருக்க, உதடு அசையாமல் அதை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருப்போம். பேச்சுக்கு நாவையும் தாடையையும் தயார்ப்படுத்தும் அதே ஏற்பாடு அங்கே ஓசையில்லாமல் வேலை செய்கிறது. உள்ளே ஓடும் பாட்டிலும் அதற்குப் பங்கு இருந்தால், வாய்க்கு வேறு வேலை கொடுத்தவுடன் பாட்டு தளர வேண்டும்.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பிலிப் பீமனும் உடன் பணியாற்றியவர்களும் இதைச் சூயிங்கம் கொண்டு சோதித்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் மூன்று சோதனைகளிலுமாக 98 பேர் பங்கேற்றார்கள். முதலில், எளிதில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பாப் பாட்டைக் கேட்க வைத்தார்கள். அடுத்த மூன்று நிமிடம் அந்தப் பாட்டை நினைக்கக் கூடாது. அதற்கடுத்த மூன்று நிமிடம் எதையும் நினைக்கலாம். பாட்டு மனதில் எழும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்த வேண்டும். சூயிங்கம் மென்றவர்களுக்குப் பாட்டு குறைவாகவே நினைவில் எழுந்தது. அதைத் தலைக்குள் கேட்டதாக உணர்ந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஒருவேளை மெல்லுவது கவனத்தைத் திருப்பியதால் வந்த பலனாக இருக்கலாமே? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, மூன்றாவது சோதனையில் சிலரைச் சூயிங்கத்துக்குப் பதில் விரலால் தட்டச் சொன்னார்கள். விரலும் ஓயாமல் அசைகிறது, ஆனாலும் மெல்லுவது தந்த அளவு பலன் கிடைக்கவில்லை. தாடைக்கு வேலை கொடுத்ததில்தான் விஷயம் இருக்கிறது. அதற்காகச் சூயிங்கத்தை மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பாட்டைக் குறைத்தது, அடியோடு நிறுத்தவில்லை. அளந்ததும் ஆய்வகத்தில் சில நிமிடங்கள்தான்.

விரட்டினால் ஏன் போவதில்லை?

பீமன் தம் சக ஆய்வாளருடன் 2010-ல் நடத்திய நாட்குறிப்பு ஆய்வு இன்னொன்றையும் சொல்லியிருந்தது. பாட்டை முனைந்து விரட்டப் பார்த்தவர்களைவிட, ஓடினால் ஓடட்டும் என்று விட்டவர்களுக்கே அது எளிதில் ஓய்ந்தது. இதற்குக் காரணத்தை அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் முன்பே விளக்கியிருந்தார். ஒன்றை நினைக்கக் கூடாது என்று முடிவெடுத்தால், அதை நினைத்துவிட்டோமா என்று மனதின் ஒரு பகுதி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கே அந்தப் பாட்டு நினைவில் நிற்க வேண்டும்.

சரி, கவனத்தை வேறு வேலையில் செலுத்தலாம். எந்த வேலை? அமெரிக்காவின் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஐரா ஹைமனின் குழு, மாணவர்களைப் பாட்டுக் கேட்க வைத்து, பிறகு சுடோகு, எழுத்து மாற்றுப் புதிர் போன்றவற்றைக் கொடுத்தது. 2013-ல் வெளியான அந்த முடிவுகளின்படி, வேலை மிக எளிதாக இருந்தாலும் பாட்டு திரும்பியது, மிகக் கடினமாக இருந்தாலும் திரும்பியது. எளிதான வேலையில் மனதில் இடம் மிச்சம் இருக்கிறது. கைக்கு எட்டாத புதிரில் மனம் வேலையைக் கைவிட்டு அலையத் தொடங்குகிறது. இடைப்பட்ட, நம்மால் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் பாட்டை வெளியே நிறுத்துகிறது. ஒரு கதையில் மூழ்கிப் படிப்பதும், நண்பரோடு பேசுவதும் இந்த வகை. இரண்டிலும் பேச்சுப் பொறிக்கும் வேலை கிடைக்கிறது.

எல்லா நேரமும் விரட்ட வேண்டிய தேவையும் இல்லை. இப்படி ஒட்டிக்கொள்ளும் பாட்டுகளில் பெரும்பாலானவை நமக்குப் பிடித்தவையே. டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் குபிட்டும் பெட்ர் ஜனாட்டாவும் செய்த சோதனைகளில், முன்பின் கேட்டிராத இசையைக் கேட்க வைத்து, ஒரு வாரம் கழித்து அதே இசையைப் புதிய காணொளித் துண்டுகளோடு சேர்த்துக் காட்டினார்கள். பிற்பாடு சோதித்தபோது, எந்த இசை ஒருவருக்குள் அதிகம் ஓடியதோ, அதோடு வந்த காணொளியின் விவரங்களும் அவருக்குக் கூடுதலாக நினைவில் இருந்தன. பாட்டு சுழலும்போது, அதைக் கேட்ட நேரத்தில் கண்டவையும் சேர்ந்தே உறுதிப்படுகின்றன.

ஒரு வேறுபாட்டை மட்டும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இங்கே பேசியதில், பாட்டு தன் தலைக்குள் ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் வானொலி பாடுவதுபோல வெளியிலிருந்து கேட்டு, தேடிப்போனால் அங்கே ஒன்றும் இல்லை என்றால், அது வேறு. முதுமையில் காது மந்தமானவர்களுக்கு இப்படி நேர்வது உண்டு. மனநோய் என்று பயந்து மறைக்காமல் காது மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதேபோல, தலைக்குள் ஓடும் பாட்டு நாள்கணக்கில் நிற்காமல் வேலையையும் உறக்கத்தையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

நலமாக இருப்பவர்களுக்கும் இது தொல்லையாகும் நேரம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 50 பேர் படுப்பதற்கு முன் பிரபலமான பாட்டுகளைக் கேட்டுவிட்டு ஆய்வகத்தில் உறங்கினார்கள். சிலருக்கு வரிகளோடு, சிலருக்கு வாத்திய இசை மட்டும். பாட்டு ஒட்டிக்கொண்டவர்களுக்கு உறக்கம் வரத் தாமதமாயிற்று, இரவில் விழிப்பும் அதிகமாயிற்று. வரிகள்தான் ஒட்டும் என்று நினைப்போம். ஆனால் வாத்திய இசை மட்டும் கேட்டவர்களுக்கே அதிகமாக ஒட்டியது. தெரிந்த பாட்டில் குரலை எடுத்துவிட்டால், விடுபட்ட வரிகளை நாமே நிரப்பிப் பாடத் தொடங்குகிறோம் என்பது இதற்கு ஒரு விளக்கம்.

மெல்லிய வாத்திய இசை உறக்கத்துக்கு நல்லது என்று எண்ணி, மனப்பாடமான சினிமாப் பாட்டுகளைப் புல்லாங்குழலிலோ வீணையிலோ ஒலிக்கவிட்டுப் படுப்பவர்கள் நம்மிடம் நிறைய. நடு இரவில் அதே மெட்டோடு கண் விழிக்கிறது என்றால், சில நாட்கள் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாட்டை நிறுத்திப் பார்க்கலாம். அப்போதும் ஒரு மெட்டு வந்து உட்கார்ந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். விளக்கைப் போட்டு ஒரு கதையில் நான்கு பக்கம் படிப்பது, அதை விரட்ட முயல்வதைவிடச் சீக்கிரம் பலன் தரும்.