‘நூறு சதவீதம் சொந்தம்’ என்று சொல்லும் இலவசத் தளங்களை நம்பலாமா?

முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது, நூலகத்தில் நடக்கும் கருத்துத் திருட்டுச் சோதனையை நினைத்துப் பல மாணவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. அதற்கு முன்னோட்டமாக, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘பிளேஜியரிசம் செக்கர்’ ஒன்றில் ஆய்வேட்டை ஏற்றிப் பார்க்கிறார்கள். ‘98 சதவீதம் சொந்தம்’ என்று வந்தால் நிம்மதி. ஆனால் அந்த எண் எதை அளந்து வந்தது? ஏற்றிய கோப்பு பிறகு எங்கே போகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் பெறும் நிம்மதி ஆபத்தானது.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஓர் எண்ணை வைத்து வாழ்க்கை முடிவாகும் இடத்தில், எண்ணை முன்கூட்டியே அறிய மாணவர்கள் தவிப்பது இயல்புதான்.

இலவசத் தளம் எதைப் பார்க்கிறது?

பெரும்பாலான இலவசத் தளங்கள் செய்யும் வேலை எளிமையானது. நாம் ஒட்டும் பகுதியை வாக்கியம் வாக்கியமாகவோ, சில சொற்கள் கொண்ட துண்டுகளாகவோ வெட்டுகின்றன. ஒவ்வொரு துண்டையும் ஒரு தேடுபொறியில் போட்டுப் பார்க்கின்றன. அதே சொற்கள் அதே வரிசையில் ஏதாவது பக்கத்தில் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஆயிரம் சொற்கள்தான் என்று பல தளங்கள் வரம்பு வைத்திருப்பதற்கும் இந்தத் தேடலுக்கு ஆகும் செலவு ஒரு காரணம்.

ஆகவே, தேடுபொறிக்குத் தெரியாதது இந்தத் தளங்களுக்கும் தெரியாது. சந்தா கட்டிப் படிக்க வேண்டிய ஆய்விதழ்கள், அச்சில் மட்டும் இருக்கும் நூல்கள், எழுத்தாகத் தேட முடியாத ஸ்கேன் பிரதிகள் எல்லாம் அதன் பார்வைக்கு வெளியே. கல்லூரி நூலகங்களில் உள்ள கட்டண மென்பொருள்கள் பலவற்றுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளும், முன்பு சோதனைக்கு வந்த ஆய்வேடுகளும் சேர்ந்த தனிச் சேமிப்பு உண்டு. வீட்டில் 2 சதவீதம் காட்டிய அதே அத்தியாயம் நூலகத்தில் பல மடங்கு காட்டுவது இதனால்தான். இரண்டும் தேடிய இடங்களே வேறு.

தமிழில் எழுதியவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். ‘பின்னலாலைகளில் வேலை செய்துகொண்டிருந்த பெண்களின் கூலிபற்றி அவர் எழுதியிருக்கிறார்’ என்ற வாக்கியத்தை ஒருவர் அப்படியே எடுத்து, ‘செய்து கொண்டிருந்த’, ‘கூலி பற்றி’ என்று பிரித்து, கடைசிச் சொல்லை ‘எழுதியுள்ளார்’ என்று மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற எவருக்கும் இது அதே வாக்கியம்தான். சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் கருவிக்கோ மூன்று இடங்களில் தொடர்பு அறுந்துவிட்டது. அது ‘சொந்தம்’ என்று சொல்லிவிடக்கூடும்.

எழுத்துரு இன்னொரு பொறி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால், கோப்புக்குள் பதிவாவது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது எழுத்துருவால்தான். கருவி படிப்பது உள்ளே இருக்கும் எழுத்துகளை. யூனிகோடில் இருக்கும் இணையப் பக்கங்கள் எதனோடும் அவை பொருந்தாது என்பதால், முழுக்க நகலெடுத்த அத்தியாயத்துக்குக்கூட நூறு சதவீதச் சான்று கிடைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உங்கள் பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வரவில்லை என்றால், உங்களுக்குக் கிடைத்த முடிவுக்குப் பொருளே இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. மேற்கோள் குறிக்குள் முறையாகச் சுட்டிய பகுதி, துணைநூற்பட்டியல், சட்டங்களின் பெயர்கள் ஆகியவற்றையும் பல இலவசத் தளங்கள் திருட்டுக் கணக்கில் சேர்க்கின்றன. மானியக் குழு விதிகள் இவற்றை விலக்கச் சொல்கின்றன. தற்செயலாகப் பொருந்தும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரை விலக்கு உண்டு. ஆகவே 30 சதவீதம் என்று பார்த்துப் பதறி, சரியாக இருந்த மேற்கோள்களைச் சிதைப்பதும் தவறு.

ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று 15 கருவிகளை எட்டு மொழிகளில் சோதித்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டது. சொல்லுக்குச் சொல் நகலெடுத்ததைவிட, சொற்களை மாற்றி எழுதியதையும் மொழிபெயர்த்ததையும் பிடிப்பதில் கருவிகள் பின்தங்கின. கருவி காட்டுவது ஒப்புமையை மட்டுமே, திருட்டா இல்லையா என்று மனிதர்தான் படித்துத் தீர்மானிக்க வேண்டும் என்றது அந்தக் குழு. சோதித்த எட்டு மொழிகளில் தமிழ் இல்லை.

ஏற்றிய கோப்பு என்னவாகிறது?

மூன்றில் ஒன்று நடக்கலாம். ஒப்பிட்டு முடித்ததும் கோப்பை அழித்துவிடலாம். அடுத்து வரும் கோப்புகளோடு ஒப்பிடத் தன் சேமிப்பில் வைத்துக்கொள்ளலாம். அல்லது வேறு எங்காவது வெளியிடலாம், விற்கலாம்.

மூன்றாவது கற்பனை அல்ல. பிரிட்டனில் கட்டுரை எழுதிக்கொடுக்கும் தொழில் நடத்திய நிறுவனத்துக்குச் சொந்தமான ‘வைப்பர்’ என்ற இலவசக் கருவியின் நிபந்தனைகளில், சோதித்து ஒன்பது மாதங்களுக்குப் பின் அந்தக் கட்டுரையை மாதிரிக் கட்டுரையாகத் தங்கள் தளத்தில் வெளியிடுவோம் என்று ஒரு காலத்தில் எழுதியே இருந்தது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொடுக்கிய மாணவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

இதன் விளைவை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஒரு மாணவி ஜனவரியில் மூன்றாம் அத்தியாயத்தை இலவசத் தளத்தில் ஏற்றுகிறார். தளம் அதை மாதிரிக் கட்டுரையாக வெளியிட்டுவிடுகிறது. அடுத்த ஆண்டு நூலகத்தில் ஆய்வேட்டைச் சோதிக்கும்போது, அந்த அத்தியாயம் முழுவதும் சிவப்பாகிறது. மூலம் என்று காட்டப்படுவது யாரோ ஒருவரின் இணையப் பக்கம். அவர் எழுதியதே அவருக்கு எதிரான சாட்சியாகிறது. சிறுகதை எழுதுபவருக்கும் இதே கதிதான். பிரசுரமாகாத படைப்பைக் கேட்கும் இதழுக்கு, ஏற்கெனவே இணையத்தில் கிடக்கும் கதை வேண்டாததாகிவிடும்.

ஏற்றும் முன் தளத்தின் ‘Terms’ பக்கத்தைத் திறந்து, Ctrl+F அழுத்தி `store`, `publish`, `license`, `perpetual` என்ற சொற்களைத் தேடுங்கள். `perpetual` என்றால் நிரந்தர உரிமை கேட்கிறார்கள் என்று பொருள். கோப்பை எப்போது அழிப்பார்கள் என்று எங்குமே சொல்லாவிட்டால் ஏற்றாதீர்கள்.

முழுக் கோப்பை ஏற்றாமலே சோதிக்க முடியும். சந்தேகமான ஒரு வரியிலிருந்து ஏழெட்டுச் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு நீங்களே தேடுங்கள். இலவசத் தளம் செய்வதும் ஏறக்குறைய அதுதான். இப்படித் தேடுவதால் உங்கள் எழுத்து இணையத்தில் பிரசுரமாகிவிடாது. முழுச் சோதனைக்கு நெறியாளர் வழியாக நூலகத்தை அணுகி, வரைவைச் சேமிப்பில் சேர்க்காமல் ஓட்டித் தரும்படி கேளுங்கள். அந்த வசதி பல கட்டண மென்பொருள்களில் உண்டு. கேட்காவிட்டால் உங்கள் வரைவே சேமிப்பில் உட்கார்ந்து, இறுதிப் பிரதியோடு பொருந்திவிடலாம்.

ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டிருந்தால் சதவீதத்தை வைத்து வாதாடாதீர்கள். அறிக்கையில் எந்த மூலத்தோடு பொருந்தியது என்று வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பக்கம் வெளியான தேதிக்கு முன்பே நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் வரைவு இணைந்திருந்தால், அதுவே உங்கள் ஆதாரம். அதைக் காட்டி, அந்த ஒரு மூலத்தை மட்டும் விலக்கிப் புதிய அறிக்கை தரும்படி எழுத்தில் கேளுங்கள். அதற்காகவாவது ஒவ்வோர் அத்தியாயத்தையும் முடித்த அன்றே நெறியாளருக்கு அனுப்பிவிடுங்கள்.